குரூப் போட்டோவில் இருந்து ஒரு முகம்

வீட்டில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், பதினாறாம் நாளுக்குள் அவருடைய படத்தை பிரேம் போட்டு மாட்டியாக வேண்டும். தேடிப் பார்த்தால் அவர் தனியாக இருக்கும் நல்ல படம் ஒன்றும் அகப்படாது. பேத்தி கல்யாணத்தில் இருபது பேரோடு மேடையில் ஓரமாக நின்ற குரூப் போட்டோதான் மிஞ்சும். ‘இதுல தாத்தாவை மட்டும் எடுத்து பெரிசா போட்டுக் கொடுங்க’ என்று ஸ்டுடியோவில் சொல்லிவிட்டு வருகிறோம். வந்து சேரும் படத்தில் கண்கள் மங்கி, மீசை ஒரே அப்பலாக, முகம் யாரோ போல இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிடும். ஸ்டுடியோக்காரர் மேல் பெரும்பாலும் தப்பு இருக்காது. அந்தப் படத்தில் அவ்வளவுதான் இருந்தது. எவ்வளவு இருந்தது என்பதை பிரிண்ட் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள முடியும்.

கல்யாண வீடுகளில் பரவலாகப் புழங்கும் 24 மெகாபிக்சல் கேமராவையே எடுத்துக்கொள்வோம். அதன் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். மேடையில் இரண்டு வரிசையாக நிற்கும் கூட்டத்தில், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள தாத்தா தலை முதல் கால் வரை சுமார் 2400 பிக்சல் உயரம் பிடித்திருப்பார் என்று வையுங்கள். அவருடைய தலையிலிருந்து மார்பு வரை மட்டும் கிராப் செய்தால் கிடைப்பது சுமார் 533 × 800 பிக்சல். மொத்தப் படத்தில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அகலத்தையும் உயரத்தையும் சேர்த்தே வெட்டுவதால்தான் இழப்பு இவ்வளவு வேகமாக ஏறுகிறது. இரண்டு பக்கமும் பாதியாக்கினாலே நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

இனி பேப்பருக்கு வருவோம். பிக்சலை அங்குலத்தால் வகுத்தால், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று தெரிந்துவிடும். 800 பிக்சல் உயரத்தை 12 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 67. அதையே 18 அங்குலத்துக்கு இழுத்தால் 44. கையில் பிடித்து ஓர் அடி தூரத்தில் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும் என்பது லேப்களில் சொல்லும் கணக்கு. அது ஏதோ ஒரு எண் இல்லை. சாதாரணப் பார்வையுள்ள கண்ணால் அந்தத் தூரத்தில் அதைவிட நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்க முடியாது. தூரம் கூடக் கூட இந்தத் தேவை குறைந்துகொண்டே போகும்: இரண்டடியில் 150 போதும், நாலடியில் 75 போதும். ஆகவே 67 பிக்சலில் போட்ட 8×12 படம், கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டி, ஐந்தடி தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணை உறுத்தாது. மேசைமேல் வைத்து விளக்கேற்றிக் குனிந்து பார்த்தால் மங்கல் தெரியும். 12×18 படத்தை ஏழடிக்கு அப்பால் நின்றுதான் பார்க்கலாம். நம் வீடுகளில் அது நடக்காத காரியம். அப்பாவின் முகத்தைப் பார்க்க மகள் கிட்டேதான் போவாள்.

இந்தக் கணக்கும் பிக்சல் ஒவ்வொன்றும் நல்லதாக இருந்தால்தான் சரியாக வரும். வரிசையின் கோடியில் நிற்பவர் மேல் ஃபோகஸ் சற்று விலகியிருக்கலாம். லென்ஸின் ஓரத்தில் தெளிவு குறைவு. மண்டபத்து வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை ஏற்றி எடுத்திருந்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். முழுப் படத்தில் கண்ணில் படாத இந்தக் குறைகள் எல்லாம் கிராப்போடு சேர்ந்து பெரிதாகும். அதனால் எண்ணிக்கையோடு நிற்காமல், கம்ப்யூட்டரில் படத்தை 100 சதவீதத்தில் வைத்து கண்ணைப் பாருங்கள். நம் தாத்தாவின் கருவிழிக்கு இந்தப் படத்தில் 17 பிக்சல் அகலம் கிடைத்திருக்கும். கருவிழியின் வட்ட விளிம்பு தெரிகிறதா, அதற்குள் வெளிச்சத்தின் சின்ன வெள்ளைப் பொட்டு தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் முகம் உயிரோடு வரும். கருவிழியும் இமையும் ஒன்றாகக் கரைந்து கருப்பாகக் கிடந்தால், எந்த அளவில் போட்டாலும் அந்தப் பார்வை திரும்பி வராது. கண்ணைச் சுற்றிச் சதுரம் சதுரமாகக் கட்டம் தெரிந்தால், அது வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படம். அங்கே சாதாரணமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். அந்த 17 பிக்சல் கருவிழி ஐந்துக்கும் கீழே போய்விடும். அதை வைத்துப் பாஸ்போர்ட் சைஸுக்கு மேல் எதுவும் செய்யக் கூடாது.

ஃபைலின் ‘டிபிஐ’யை 72-லிருந்து 300-ஆக மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். Photoshop-இல் Resample-ஐ எடுத்துவிட்டு அப்படி மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது; அச்சாகும் அளவுதான் சுருங்கும். Resample-ஐ வைத்துக்கொண்டு மாற்றினால் பிக்சல் பெருகும், ஆனால் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து இட்டு நிரப்பியவைதான் அவை. ஓரங்கள் படிக்கட்டாகத் தெரியாமல் இருக்க அது உதவும்; இல்லாத இமைமயிர் அதில் முளைக்காது. அதன்மேல் ஷார்ப்னஸை ஏற்றினால் காதைச் சுற்றியும் சட்டைக் காலரிலும் வெள்ளைக் கோடு விழும். அதைவிட மங்கலே தேவலை.

என்னைக் கேட்டால், கிராப்பைத் தளர்த்துவதுதான் முதல் வழி. முகம் பிரேமை நிறைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, தலை முதல் இடுப்புக்குக் கீழ் வரை ஒரு மீட்டர் உயரத்தை எடுத்தால் 970 × 1455 பிக்சல் கிடைக்கும். அதே 8×12-இல் இப்போது அங்குலத்துக்கு 121. முகம் சிறியதாகும், ஏறக்குறைய இரண்டரை அங்குலம் இருக்கும். ஆனால் இரண்டரை அடி தூரத்திலும் தெளிவாக நிற்கும். பக்கத்தில் நின்றவரின் தோள் உள்ளே வந்தால் ஓரத்தை இருட்டாக்கி மறைக்கச் சொல்லலாம். தலையை மட்டும் வெட்டி வேறொரு கோட்டு சூட்டு உடம்பிலும் புதுப் பின்னணியிலும் ஒட்ட விடாதீர்கள். சுற்றிலும் எல்லாம் பளிச்சென்று இருக்க, முகம் மட்டும் மங்கல் என்பது அப்போதுதான் பட்டெனத் தெரியும்.

பெரிய பிரிண்டுக்குப் பணம் கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். படத்தை 8×12-க்கு 300 பிக்சல் வீதம், அதாவது 2400 × 3600-ஆகப் பெரிதாக்கி, அதில் முகம் வரும் 1200 × 1800 பகுதியை மட்டும் வெட்டி ஒரு 4×6 பிரிண்ட் போடச் சொல்லுங்கள். பிரேமில் முகம் எந்த அளவில் வருமோ அதே அளவில் இந்தத் துண்டில் இருக்கும். வீட்டில் மாட்டப்போகும் இடத்தில், அங்கே எரியும் விளக்கின் வெளிச்சத்திலேயே ஒட்டிவைத்து, வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். திருப்தி இல்லையென்றால் 6×9-க்கு இறங்குங்கள். மேட் பேப்பர் கேளுங்கள். பளபளப்புப் பேப்பர் மங்கலைக் கூட்டிக் காட்டும்.

கல்யாணப் படங்களின் ஒரிஜினல் ஃபைலை போட்டோகிராபரிடமிருந்து பென் டிரைவில் வாங்கி வையுங்கள். அவர் எத்தனை வருஷம் வைத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வாட்ஸ்அப்பில்தான் வர வேண்டுமென்றால் Document-ஆக அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த விசேஷத்தில் வீட்டுப் பெரியவரை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, 12 மெகாபிக்சல் போனில் மார்பளவு ஒரு படம் எடுத்துவிடுங்கள். 4000 பிக்சல் உயரமுள்ள அந்த ஒரு படம் 8×12-இல் அங்குலத்துக்கு 333 தரும்.