எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே

குழந்தைகளின் இருமல் – 9

போன வாரம் இரவு இருமலையும் ஆஸ்துமாவையும் பார்த்தோம். ஆஸ்துமா இல்லை, காசநோய் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் மாதம் தவறாமல் தொண்டை வலி, இருமல் என்று வந்து நிற்கும் குழந்தைகள் உண்டு. இந்த வாரம் அவர்களில் ஒருவன்.

ஆறு வயதுப் பையன். ஒரே ஒரு படுக்கையறை உள்ள அடுக்குமாடி வீடு. அவன் அம்மா ஒரு துணிப்பை நிறைய மருந்துச் சீட்டுகளோடு வந்திருந்தார். ஒரு வருடத்தில் ஒன்பது முறை டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ஆறு முறை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். “மருந்து குடிச்சா நிக்குது டாக்டர். பாட்டில் முடிஞ்ச மறுவாரமே திரும்ப வந்துருது” என்றார். டான்சிலை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லியிருந்ததால், எதற்கும் இன்னொருவரிடம் கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார்கள்.

சீட்டுகளைத் தேதிவாரியாக மேசைமேல் பரப்பினோம். டான்சில் அறுவைக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஓர் அளவுகோல் இருக்கிறது: ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து முறை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு மூன்று முறை. ஆனால் இந்தக் கணக்கில் சேர்வது உண்மையான டான்சில் அழற்சி மட்டுமே. காய்ச்சல் அடித்திருக்கலாம், டான்சிலில் வெள்ளைத் திட்டு தெரியலாம், கழுத்தில் நெறிகட்டியிருக்கலாம், தொண்டைச் சோதனையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தெரிந்திருக்கலாம். இவற்றில் ஒன்றாவது இருந்தால்தான் எண்ணலாம். மூக்கொழுகலும் இருமலுமாக வந்து தொண்டை லேசாகச் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் வைரஸ். அதற்கு ஆன்டிபயாடிக்கால் பயனில்லை. மருந்து குடித்ததால் நின்றது என்று நாம் நினைப்பது, பல நேரம் தானாக நிற்க வேண்டிய நாளில் நின்றதுதான். இப்படிப் பார்த்தபோது ஒன்பதில் தேறியது இரண்டு.

பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது இயல்பு. அதனால் எத்தனை முறை என்பதைவிட, ஒரு சளிக்கும் அடுத்த சளிக்கும் நடுவில் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதே எனக்கு உதவியிருக்கிறது. சளி இருமல் பொதுவாக இரண்டு வாரத்துக்குள், சிலருக்குச் சற்றுத் தள்ளி, அடங்கிவிடும். இந்தப் பையனுக்கு அது அடங்குவதே இல்லை. பழைய இருமல் ஓய்வதற்குள் புதுச் சளி வந்து ஏறிக்கொள்கிறது. கோடை விடுமுறையில் பாட்டி வீட்டில் இருந்த மாதத்தில் மட்டும் இருமலே இல்லையாம். பள்ளியும் இல்லை, வீடும் இல்லை என்பதால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. ஆனால் வீட்டைப் பற்றி விசாரிக்க அது போதும்.

வீட்டில் யாராவது சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டேன். “வீட்டுக்குள்ள நான் பிடிக்கிறதே இல்ல டாக்டர்” என்றார் அப்பா. எங்கே நின்று பிடிப்பீர்கள் என்று கேட்டேன். “சமையக்கட்டுலதான். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டு, அதுக்குக் கீழ நின்னு.” அவர் பொய் சொல்லவில்லை. சமையற்கட்டை வீட்டுக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ‘சிகரெட் பிடிப்பீர்களா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. எங்கே நிற்கிறார், கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, அணைத்த பிறகு எவ்வளவு நேரத்தில் பிள்ளையைத் தூக்குகிறார் என்பது வரை கேட்க வேண்டும்.

அவர் புகையை ஃபேனைப் பார்த்துத்தான் ஊதுகிறார். ஆனால் அறையில் தங்கும் புகையில் பெரும்பகுதி அவர் வாயிலிருந்து வருவது அல்ல. இரண்டு இழுப்புக்கு நடுவே, விரலிடுக்கில் சிகரெட் தானாகக் கனன்றுகொண்டிருக்கிறதே, அந்த நுனியிலிருந்து எழுவது. குறைந்த சூட்டில் எரிவதால் அதில் நச்சுப் பொருள்கள் கூடுதல். ஃபில்டர் வழியாகவும் அது வருவதில்லை. ஃபேன் ஒரு பங்கை வெளியே தள்ளும். மிச்சம் ஹாலுக்குப் போகும். பையன் படுப்பது ஹாலில்.

அந்தப் புகை கிருமியைக் கொண்டுவருவதில்லை. வந்த கிருமி வெளியேறுவதைத் தாமதப்படுத்துகிறது. மூக்கிலிருந்து நுரையீரல் வரை மூச்சுப் பாதையின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை ஓயாமல் அசைந்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் நகர்த்திக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். புகை பட்டால் அந்த அசைவு மந்தமாகும், சளியும் அதிகம் சுரக்கும். நகராத சளியை வெளியேற்ற உடம்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி இருமல். இருமலை அடக்கும் சிரப் கொடுத்தால் அந்த வழியையும் அடைக்கிறோம். குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது, அதன் மூச்சுக்குழலும் குறுகலானது. அறையில் தங்கும் அதே புகையால் பெரியவர்களைவிட அதற்குப் பாதிப்பு அதிகம்.

எங்கே நின்று பிடித்தால் குழந்தைக்கு எவ்வளவு போகிறது என்பதை ஸ்வீடனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2004-இல் வெளியான ஆய்வு அது. உடம்புக்குள் போன நிகோடின் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளின் சிறுநீரில் அதைச் சோதித்தார்கள். புகைக்காத வீட்டுக் குழந்தையின் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், பெற்றோர் வெளியே போய்க் கதவை மூடிக்கொண்டு புகைத்த வீட்டில் இரண்டு. திறந்த கதவருகே நின்றவர்கள் வீட்டில் இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே. சமையலறை ஃபேன் அருகே நின்றால் மூன்றுக்கு மேல். வீட்டுக்குள் எங்கும் பிடித்தால் பதினைந்து. ஃபேன் அடியோடு வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் கதவை மூடிவிட்டு வெளியே போனவர் வீட்டிலும் அளவு ஒன்றுக்கு இறங்கவில்லை. கடைசி இழுப்புக்குப் பிறகும் சில நிமிடங்களுக்கு மூச்சில் புகை வரும். சட்டையிலும் தலைமுடியிலும் சோபாவிலும் ஒட்டிய நிகோடினை அவர் எங்கே கழற்றி வைப்பார்?

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. வீட்டுக்குள் அந்த விதி வராது. 2016–17-இல் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், பெரியவர்களில் 38.7 சதவீதம் பேர் வீட்டிலேயே அடுத்தவர் புகைக்கு ஆளாவதாகத் தெரிந்தது. டீக்கடை வாசலில் அணைத்துவிட்டு வருபவர் வீட்டில் பற்றவைக்கிறார்.

அப்பாவிடம் இரண்டு விஷயம் சொன்னேன். சிகரெட்டை விடுவதுதான் வழி. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அதற்கு ஆலோசனை சொல்கிறார்கள். விடும்வரை மாடியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போக வேண்டும், திரும்பி வந்ததும் சட்டையை மாற்றிக் கை, முகம் கழுவிய பிறகே பிள்ளையிடம் போக வேண்டும். கொசுவர்த்திச் சுருளும் கூடாது என்றேன். அதைப் புகை என்றே யாரும் கணக்கில் வைப்பதில்லை, ஆனால் மூடிய அறையில் இரவெல்லாம் எரிகிறது. சுருளுக்குப் பதில் கொசுவலை கட்டினார்கள்.

இரண்டு வாரத்தில் அந்த அம்மா போன் செய்தார். “ஒண்ணும் மாறலையே டாக்டர்.” மாறாதுதான். மந்தப்பட்டுப் போன உட்சுவர் தேறி வர வாரக்கணக்கில் ஆகும். இரண்டு மாதம் கழித்து வந்தபோது நடுவில் ஒரு முறை சளி பிடித்திருந்தது. காய்ச்சல் இரண்டு நாள், இருமல் பத்து நாள், பிறகு நின்றுவிட்டது. ஆன்டிபயாடிக் இல்லை. டான்சில் அறுவைப் பேச்சைத் தள்ளிவைத்தோம். அப்பா இன்னும் முழுதாக விடவில்லை, நாளைக்கு மூன்றில் நிற்கிறார்.

அன்று கிளம்பும்போது அந்த அம்மா சொன்னதில்தான் எனக்கு வேறொரு வேலை இருந்தது. பையன் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்க்கிறானாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறானாம். காதைச் சோதித்தோம். வலது செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழலும் இதே புகையில் வீங்கி அடைத்துக்கொள்ளும். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்க வேண்டிய நீர் எது, குழாய் வைக்க வேண்டிய நீர் எது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.