பழைய முகவரிக்கு வரும் பணம்

சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி. அதன் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் செல்லாமல் போனது 2021 ஜூலை 1-இல்தான். இடையிலிருந்த பதினைந்து மாதமும் பழைய குறியீட்டுக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. சிக்கலே அங்கேதான். பணம் வருகிறதே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

குறியீடு மாறிய விதம் எளிமையானதுதான். முதல் நான்கு எழுத்து வங்கி, கடைசி ஆறு இலக்கம் கிளை. SYNB என்பது CNRB ஆனது. கிளை எண்ணோடு 10000 கூடியது. SYNB0001234 என்றிருந்தால் இனி CNRB0011234. எல்லா இணைப்புகளிலும் இப்படிக் கணக்குப் போட முடியாது. சிலவற்றில் கணக்கு எண்ணே மாறிவிடும். புதிய பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பணமும் ஒரே வழியில் வருவதில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வங்கி இப்படி இணைந்தது. ஓய்வூதியம் தவறாமல் வந்தது. அது அந்த வங்கி வழியாகவே வழங்கப்படுவது. சமையல் எரிவாயு மானியமும் வந்தது. அது ஆதார் எண்ணைப் பார்த்து எந்த வங்கி என்று கண்டுபிடித்து வருவது, கிளைக் குறியீடு அதற்குத் தேவையில்லை. வராமல் நின்றது வருமான வரி ரீஃபண்ட். வரித்துறை இணையதளத்தில் பழைய குறியீடே இருந்தது. அங்கே வங்கிக் கணக்கைத் திருத்தி, மறுபடி சரிபார்ப்புக்குக் கொடுத்து, ரீஃபண்டை மீண்டும் அனுப்பச் சொல்லித் தனியாக விண்ணப்பித்த பிறகே பணம் வந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வருவதும் போவதும்தான் இப்படி மறந்துபோகும். அதனால் பழைய பாஸ்புக்கில் மூன்று மாதம் புரட்டினால் போதாது. பதின்மூன்று மாத வரவு செலவை எடுத்துவைத்து, பங்கு டிவிடெண்ட், காப்பீட்டு பிரீமியம், பி.எஃப். என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து, அந்தந்த இடத்தில் புதிய விவரம் கொடுத்தாயிற்றா என்று டிக் அடியுங்கள். பி.எஃப். கணக்கில் கேஒய்சி பகுதியிலும் பழைய குறியீடு ஒளிந்திருக்கும்.

வெளியே போகும் பணத்தில் இரண்டு வகை. வீட்டுக்கடன் தவணை கணக்கிலிருந்து நேரடியாகப் பிடிக்கப்படுகிறது. அந்த அனுமதியைப் பெரும்பாலும் வங்கியே புதிய கணக்குக்கு மாற்றிவிடும். டெபிட் கார்டு எண்ணைக் கொடுத்துவைத்த மாதச் சந்தா அப்படியல்ல. புதிய கார்டு புதிய எண்ணோடு வந்தால், பழைய அனுமதி செத்துவிடும். நாமே மறுபடி பதிய வேண்டும்.

எழுதிக் கொடுத்ததோடு நம்பிவிட வேண்டாம். வேறு வங்கியில் கணக்குள்ள ஒருவரிடம் சொல்லி, புதிய எண்ணுக்கும் குறியீட்டுக்கும் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். தவணைத் தேதியன்று பணம் இருப்பில் இருந்தால் மட்டும் போதாது, பிடித்தார்களா என்று மாலையில் பாருங்கள். பிடிக்காவிட்டால் அன்றைக்கே கடன் கொடுத்தவரிடம் நேராகக் கட்டிவிடுங்கள். தவணை திரும்பினால் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்த நிறுவனம் ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் போடுவார்கள்.