சென்ட்ரிங் கணக்கு: பலகை எத்தனை, முட்டு எத்தனை, எத்தனை முறை?

சென்ட்ரிங் பலகையின் பரப்பைத் தளத்தின் பரப்பாகக் கொள்ள முடியாது. ஈரக் கான்கிரீட் எந்தெந்த முகத்தைத் தொடுகிறதோ, அந்த முகங்களின் மொத்தப் பரப்பே பலகையின் பரப்பு. ஸ்லாபின் அடிப்பக்கம், பீமின் அடிப்பக்கம், பீமின் உட்பக்கம், வெளிப்பக்கம் என்று இதை நான்காகப் பிரித்துக்கொண்டால் எதுவும் விடுபடாது, எதுவும் இருமுறை சேராது.

வெளி அளவு 8.5 மீட்டருக்கு 5.5 மீட்டர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். சுற்றிலும் பீம், நடுவில் குறுக்கே ஒரு பீம், ஆறு தூண்கள். பீமும் தூணும் 230 மி.மீ. அகலம். ஸ்லாபின் கனம் 125 மி.மீ.; அதையும் சேர்த்துப் பீமின் மொத்த ஆழம் 450 மி.மீ. இதே அமைப்பில் மூன்று தளங்கள் வார்க்கப்பட உள்ளன.

பலகையின் பரப்பு

பீம்களுக்கு நடுவே 3.905 மீட்டருக்கு 5.04 மீட்டர் அளவில் இரண்டு கட்டங்கள் கிடைக்கின்றன. அவற்றின் பரப்பான 39.4 சதுர மீட்டர் ஸ்லாபின் அடிப்பக்கம். தூண்களைக் கழித்தால் பீம்களின் நீளம் 30.74 மீட்டர், அதை அகலத்தால் பெருக்க, பீம் அடிப்பக்கம் 7.1 சதுர மீட்டர்.

பீமின் பக்கங்களில்தான் தவறு அதிகம் நேர்கிறது. உட்பக்கத்தில் ஸ்லாபுக்குக் கீழே தொங்கும் ஆழத்தை மட்டுமே எடுக்க வேண்டும். 450-இல் 125 போக, அது 325 மி.மீ. இரண்டு கட்டங்களின் சுற்றளவு 35.78 மீட்டர் என்பதால் உட்பக்கப் பரப்பு 11.6 சதுர மீட்டர். வெளிப்பக்கத்தில் ஸ்லாபின் விளிம்பையும் பலகைதான் அடைக்க வேண்டும்; அதனால் அங்கு முழு 450 மி.மீ. கணக்கில் வரும். 28 மீட்டர் சுற்றளவுக்கு அது 12.6 சதுர மீட்டர்.

கூட்டினால் சுமார் 70.7 சதுர மீட்டர், அதாவது 760 சதுர அடி. தளத்தின் பரப்போ 46.75 சதுர மீட்டர்தான். பலகை அதைப்போல ஒன்றரை மடங்கு தேவைப்படுகிறது. பீம்கள் நெருக்கமாகவோ ஆழமாகவோ இருந்தால் இந்த விகிதம் இன்னும் ஏறும்.

எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெறும் வகுத்தலில் 24 ஷீட் வருகிறது. ஆனால் வெட்டும் முறையைப் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான எண் தெரியும். இந்த வீட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு முழு ஷீட்டுகள் வெட்டாமலே உட்காருகின்றன. இரண்டு கட்டத்துக்கும் 12. பீம் பட்டைகளுக்கு ஒரு ஷீட்டை நீளவாக்கில் வெட்டினால் மூன்று உட்பக்கப் பட்டையும் ஓர் அடிப்பட்டையும் கிடைக்கும். இப்படி அடுக்கினால் பட்டைகளுக்கும் கட்டங்களின் ஓர இடைவெளிகளுக்கும் சேர்த்து இன்னும் 13 ஷீட் போதும். மொத்தம் 25. வெட்டுச் சேதத்துக்கும் உடைசலுக்கும் இடம் விட்டு 27 வாங்குவது நியாயமான கணக்கு. படிக்கட்டு, சன்ஷேடு, லாஃப்ட் இவற்றைத் தனியே கூட்ட வேண்டும்.

முட்டுகளின் எண்ணிக்கை

முட்டுக் கணக்கு எடையிலிருந்து தொடங்குகிறது. கம்பியோடு சேர்த்துக் கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 2,500 கிலோ என்று கொண்டால், 125 மி.மீ. ஸ்லாப் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 310 கிலோ. பலகைக்கும் சட்டங்களுக்கும் 50 கிலோ. வேலையாட்கள் நடமாட்டம், ஓரிடத்தில் குவியும் கான்கிரீட் ஆகியவற்றுக்கு 250 கிலோ. ஆக, சதுர மீட்டருக்கு 610 கிலோ.

முட்டுகளை ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விடாமல் நிறுத்தினால் ஒரு கட்டத்துக்கு நாலுக்கு ஆறு, 24 முட்டு; இரண்டு கட்டத்துக்கு 48. ஒவ்வொன்றின் மேலும் சுமார் 500 கிலோ இறங்கும். ஜாக்கியை நீட்ட நீட்ட அதன் தாங்குதிறன் குறையும் என்பதால், இந்த எடையை அந்த உயரத்துக்கான திறனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சவுக்குக் கம்பு என்றால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். வளைந்த கம்பையும் ஒட்டுப்போட்ட கம்பையும் ஒதுக்கிவிட வேண்டும். முட்டு தாங்கினாலும் பலகை தொய்யலாம். 12 மி.மீ. பிளைவுட்டுக்கு அடியில் சட்டங்கள் ஓர் அடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஓடினால் அந்தத் தொய்வு வராது.

பீமுக்குத் தனி வரிசை முட்டு உண்டு. 75 செ.மீ.க்கு ஒன்று என்று வைத்தால் 3.905 மீட்டர் துண்டுகள் நான்குக்கும் ஆறாறு, 5.04 மீட்டர் பீம்கள் மூன்றுக்கும் ஏழேழு, மொத்தம் 45. ஸ்லாப் சட்டங்களின் முனையைப் பீம் பக்கப் பலகையில் சாய்த்து முட்டை மிச்சம் பிடிக்கும் வழக்கம் ஆபத்தானது. ஒற்றை வரிசை முட்டின் மேல் இருக்கும் பீம் பெட்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். இரண்டும் சேர்ந்து 93. ஒதுக்கீட்டோடு 100 முட்டு.

எத்தனை முறை என்று கொள்வது?

பலகை எத்தனை முறை தாங்கும் என்பது பாதிக் கேள்விதான். அதே அளவில் அடுத்த வார்ப்பு எத்தனை உண்டு, அதற்குள் பலகை விடுபடுமா என்பது மீதிப் பாதி. இரண்டில் எது சிறிய எண்ணோ அதுவே கணக்குக்கு உரியது.

ஐ.எஸ். 456 விதிப்படி, சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட்டுக்கு, குளிர் மிகாத காலத்தில், பக்கப் பலகையை 16 முதல் 24 மணி நேரத்தில் கழற்றலாம். 4.5 மீட்டர் வரை இடைத்தூரம் உள்ள ஸ்லாபின் முட்டை 7 நாளிலும், 6 மீட்டர் வரை உள்ள பீமின் முட்டை 14 நாளிலும் எடுக்கலாம். இந்த வீட்டில் இரண்டும் அந்த வரம்புக்குள் அடங்குகின்றன. தளத்துக்குத் தளம் 21 நாள் இடைவெளி என்றால் ஒரே பலகைத் தொகுதி மூன்று தளத்துக்கும் போதும்.

முட்டுக்கு அப்படி இல்லை. வீட்டுத் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்க எடைக்கும், சுமார் 100 கிலோ தரைப்பூச்சுக்கும் வடிவமைக்கப்படுகிறது. மேல்தளம் வார்க்கும் நாளில் அதன் மேல் இறங்குவது 610 கிலோ. அதனால் கீழ்த்தளத்துக்கு அடியிலும் முட்டு நின்றாக வேண்டும். ஆகவே பலகை ஒரு தொகுதி, முட்டு இரண்டு தொகுதி, ஏறத்தாழ 200.

விலைக்கணக்கில், ஒவ்வொரு முறையும் இரண்டு ஷீட் வீணாகி மாற்றப்படுவதாகக் கொண்டால், மூன்று வார்ப்புக்கு 31 ஷீட். சதுர அடி 60 ரூபாய் என்று வைத்தால் 59,520 ரூபாய். ஒரு வார்ப்புக்கு 19,840. தொடுபரப்பில் சதுர அடிக்குச் சுமார் 26 ரூபாய். பிலிம் ஒட்டிய பலகை பத்து முறை வரும் என்று நம்பி இதே பலகையைப் பத்தால் வகுத்திருந்தால், மாற்று ஷீட்டுகள் நீங்கலாக, 7 ரூபாயில் முடிந்திருக்கும். மீதி ஏழு வார்ப்புகள் ஒப்பந்ததாரரின் வேறு வேலைகளில் உறுதியாக இருந்தால் மட்டுமே அந்த எண் செல்லும்.

அப்போதும் எல்லா ஷீட்டுக்கும் ஒரே எண் பொருந்தாது. முழு ஷீட்டுகள் எந்த வீட்டுக்கும் போகும். கவனமாகக் கழற்றினால் 8 முதல் 10 முறை என்று கொள்ளலாம். பீம் பட்டைகள் ஆணியாலும் வெட்டிய விளிம்பில் ஏறும் நீராலும் சீக்கிரம் கெடும். அடுத்த வீட்டின் பீம் ஆழம் மாறினாலே பயனற்றுப் போகும். அவற்றுக்கு 4 அல்லது 5 முறைக்கு மேல் கொள்வதற்கில்லை. விளிம்பு உப்பி அடுக்கு பிரிவதும், பிலிம் உரிந்து கான்கிரீட்டில் மர ரேகை பதிவதும், இரு சட்டங்களுக்கு நடுவே பலகை நிமிராமல் தொய்ந்தே நிற்பதும் ஆயுள் முடிந்ததற்கு அடையாளங்கள். அந்த ஷீட்டை ஸ்லாபிலிருந்து விலக்கி, ஓர இடைவெளிகளுக்கான பட்டைகளாக அறுத்துக்கொள்ளலாம்.