தடம் குறுகும் இடத்தில் யார் முதலில்?

கலங்கரை விளக்கம் – பூந்தமல்லி மெட்ரோ வழித்தடப் பணிகளால் ஆழ்வார்பேட்டைச் சாலைகள் தகரத் தடுப்புகளுக்கிடையே சுருங்கிக் கிடக்கின்றன. அண்மையில் ஒரு மாலை, இரண்டு தடங்கள் ஒன்றாகும் இடத்துக்கு வெகு முன்பே நான் சென்ற ஆட்டோ இடப்பக்க வரிசையில் ஒட்டிக்கொண்டது. மூடப்படவிருந்த வலத் தடம் காலியாக இருந்தது. அதில் கடைசிவரை சென்ற கார் ஒன்று உள்ளே நுழைய முயன்றபோது எங்கள் ஓட்டுநர் இடம்விட மறுத்தார். “வரிசையில நிக்கிறவங்க எல்லாம் முட்டாளா சார்?” என்றார்.

அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் காரோட்டி செய்தது தவறன்று. ஜெர்மனியின் சாலை விதிகள் இதையே கட்டாயமாக்குகின்றன: குறுகல் தொடங்குவதற்குச் சற்று முன்புவரை இரு தடங்களையும் பயன்படுத்த வேண்டும், அங்கே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாறிமாறி இணைய வேண்டும். ஜிப்பின் பற்கள் கோத்துக்கொள்வதுபோல் நடப்பதால் அதற்கு ‘ஜிப்’ முறை என்று பெயர்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் கடக்கும் என்பதைக் குறுகலே தீர்மானிக்கிறது. ஜிப் முறை அதைப் பெரிதாக உயர்த்திவிடாது. அது மாற்றுவது வரிசையின் நீளத்தை. நாற்பது கார்கள் காத்திருப்பதாகவும், இடைவெளியோடு ஒவ்வொன்றுக்கும் 7 மீட்டர் தேவை என்றும் கொள்வோம். ஒரே தடத்தில் நின்றால் வரிசை 280 மீட்டர் நீளும். இரண்டிலும் நின்றால் 140 மீட்டர்தான். பின்னால் 200 மீட்டரில் ஒரு சிக்னல் இருந்தால், முதல் வரிசை அந்தச் சந்திப்பை அடைத்துவிடும். குறுகலுக்குச் சம்பந்தமே இல்லாத குறுக்குச் சாலைக்காரர்களும் அதற்கு விலை கொடுப்பார்கள். பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். இரு தடங்களும் சமமாக நிரம்பியிருந்தால் முந்திச் சென்று பெறக்கூடிய ஆதாயமும் இல்லை; ஓட்டுநரின் மனக்குறைக்கும் அதுவே மருந்து.

ஆனால் இது நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதுக்கான முறை. சாலை காலியாக, வேகம் அதிகமாக இருக்கும்போது, அறிவிப்பைக் கண்டவுடன் பாதுகாப்பான இடைவெளி பார்த்து மாறிக்கொள்வதே சரி. கூம்புகள் சாய்வாகத் தொடங்கும் இடமே இணையும் இடம். அதைத் தாண்டித் தடுப்போரமாக நுழைவதும், ஒரு வண்டிக்கு விட்ட இடத்தில் மூன்று நுழைவதும் முறையைக் கெடுக்கும். இங்கே பெரும் சிக்கல் இருசக்கர வாகனங்கள். காருக்காக விடப்படும் இடைவெளியை அவை நிரப்பிவிடுவதால், அடுத்த முறை யாரும் இடைவெளி விடுவதில்லை. அவர்களும் தம் தடத்திலுள்ள காரின் பின்னாலேயே வந்தால்தான் முறை நிற்கும்.

இன்னொரு குறை பலகைகளில் உள்ளது. ‘மாற்றுப்பாதை’ என்ற அம்புக்குறி பெரும்பாலும் திருப்பத்திலேயே நிற்கிறது. அதைப் படித்த பிறகு தடம் மாற இடமில்லை. முன்னால் ‘இரு தடங்களையும் பயன்படுத்துக’ என்றும், குறுகலில் ‘ஒன்றுவிட்டு ஒன்றாக இணைக’ என்றும் இரண்டு பலகைகள் இருந்திருந்தால், அன்று எங்கள் ஓட்டுநர் அந்தக் காருக்கு வழிவிட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.