துறைக்கு ஒரு சாவி, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கொள்கை

ஹால் டிக்கெட் வந்துவிட்டதாகத் தேர்வுப் பிரிவு அனுப்பும் அஞ்சல், விண்ணப்பதாரர்களுக்குச் சேர்க்கைப் பிரிவு அனுப்பும் நினைவூட்டல், முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டு விழா அழைப்பு. மூன்றும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வருகின்றன. ஆனால் மூன்றையும் அனுப்புவது மூன்று வெவ்வேறு இயந்திரங்கள். தேர்வுப் பிரிவுக்குச் சொந்த சர்வர் இருக்கும். சேர்க்கைப் பிரிவு ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளுக்குச் சந்தா கட்டும். முன்னாள் மாணவர் சங்கம் வேறொரு செய்திமடல் சேவையைப் பிடித்திருக்கும்.

2024 பிப்ரவரி முதல் இந்த ஏற்பாட்டைக் கண்டும் காணாமல் விட முடியாமல் போனது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5,000 அஞ்சலோ அதற்கு மேலோ அனுப்பும் டொமைன்களுக்கு எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் ஆகிய மூன்று சோதனைகளையும் கூகுள் கட்டாயமாக்கியது. யாகூவும் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. துறைவாரியாகப் பிரித்து அனுப்பினாலும் கூகுளின் கணக்கில் எல்லாம் தாய் டொமைனின் பெயரிலேயே சேரும்.

மூன்று சோதனைகளும் செய்யும் வேலை வேறு வேறு. எந்தெந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல் எஸ்.பி.எஃப். டிகிம் என்பது அலுவலக முத்திரை போன்றது. அனுப்பும் சர்வர் தன்னிடமுள்ள ரகசியச் சாவியால் அஞ்சலில் கையெழுத்திடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டி.என்.எஸ்.ஸில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். ஒரு டொமைனுக்குப் பல சாவிகள் இருக்கலாம் என்பதால், எந்தச் சாவியைத் தேட வேண்டும் என்று சொல்லும் பெயர்தான் செலக்டர். பெறுநரின் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியும், இந்த இரு சோதனைகளில் ஏதேனும் ஒன்றில் தேறிய டொமைனும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது டிமார்க். பொருந்தாவிட்டால் அஞ்சலை என்ன செய்ய வேண்டும் என்ற கொள்கையையும் டொமைனின் உரிமையாளர் அதிலேயே அறிவிக்கலாம்.

பல்கலைக்கழகங்கள் முதலில் எடுக்கும் சுலபமான வழி, எல்லா நிறுவனங்களையும் தாய் டொமைனின் எஸ்.பி.எஃப். பட்டியலில் சேர்த்துவிடுவது. அதில் ஒரு வரம்பு உண்டு. பட்டியலைச் சரிபார்க்க 10 டி.என்.எஸ். தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் பட்டியல் முழுவதுமே பிழை என்று தள்ளப்படும். அதைவிட வேடிக்கை, பல நிறுவனங்களைச் சேர்ப்பதில் பலனே இல்லை என்பது. எஸ்.பி.எஃப். சோதனை பார்ப்பது, திரும்பி வரும் அஞ்சலுக்கான மறைமுக முகவரியை. அந்த இடத்தில் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்த டொமைன்தான் இருக்கும்.

அடுத்த சுலப வழி, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தாய் டொமைனில் ஒரு செலக்டர் கொடுப்பது. ஒப்பந்தம் முடிந்தால் அந்தச் செலக்டரை மட்டும் நீக்கினால் போதும், மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. ஆனால் செலக்டர் என்பது சாவியின் பெயர் மட்டுமே, அதிகாரத்தின் எல்லை அல்ல. தாய் டொமைனில் சாவி வைத்திருக்கும் செய்திமடல் நிறுவனம், துணைவேந்தரின் முகவரியிட்ட அஞ்சலிலும் செல்லுபடியாகும் கையெழுத்தைப் போட முடியும்.

எனவேதான் சப்டொமைன் தேவைப்படுகிறது. பல்கலைக்கழகத்தின் டொமைன் univ.example என்று வைத்துக்கொள்வோம். தேர்வுப் பிரிவுக்கு exam, சேர்க்கைப் பிரிவுக்கு admission என்று பிரித்தால் பதிவுகள் இப்படி இருக்கும்:

```
exam.univ.example.  TXT "v=spf1 ip4:192.0.2.10 -all"
ex1._domainkey.exam.univ.example.  TXT "v=DKIM1; k=rsa; p=..."
crm1._domainkey.admission.univ.example.  CNAME crm1.vendor.example.
_dmarc.univ.example.  TXT "v=DMARC1; p=none; rua=mailto:dmarc@univ.example"
```

தேர்வுப் பிரிவின் சாவியைப் பல்கலைக்கழகமே வைத்திருக்கிறது. சேர்க்கைப் பிரிவுக்குச் சாவியைப் பதியாமல், நிறுவனத்தின் பக்கம் கைகாட்டும் CNAME மட்டும் போடப்பட்டிருக்கிறது. நிறுவனம் தன் சாவியை மாற்றும்போது கணினி மையத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. டிமார்க் பதிவு மேலே ஒன்றுதான். சப்டொமைனுக்குத் தனிப் பதிவு இல்லாவிட்டால் தாய் டொமைனின் கொள்கையே அதற்கும் பொருந்தும். தங்கள் சப்டொமைனில் தனி டிமார்க் பதிவு போடச் சொல்லிச் சில நிறுவனங்கள் கேட்கும். போட்டால் அந்தத் துறை பொதுக் கொள்கையிலிருந்து கழன்றுவிடும்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை மிஞ்சும். டிமார்க் இயல்பாகத் தளர்வான பொருத்தத்தை ஏற்கும். தாய் டொமைன் ஒன்றாக இருந்தால் போதும். அதாவது admission சாவியால் கையெழுத்திட்டு, முகவரியில் தாய் டொமைனைப் போட்டாலும் தேறிவிடும். இதை அடைக்க adkim=s, aspf=s என்று கடுமையான பொருத்தத்தைக் கேட்க வேண்டும். அப்போது கையெழுத்திட்ட டொமைனும் முகவரியின் டொமைனும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு துறையும் தன் சப்டொமைன் முகவரியிலிருந்தே அனுப்பி, அதே பெயரில் கையெழுத்திட்டால் இதனால் எந்தத் துறைக்கும் நஷ்டமில்லை.

p=none என்றால் தேறாத அஞ்சலைத் தடுக்க வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு என்று பொருள். பெரிய அஞ்சல் சேவைகள் பொதுவாக நாளுக்கொரு முறை அனுப்பும் அந்த அறிக்கைகளில் எந்த ஐ.பி.யிலிருந்து எத்தனை அஞ்சல் வந்தது, எது தேறியது என்ற விவரம் இருக்கும். பல்கலைக்கழகம் மறந்தே போன ஆய்வகச் சர்வர்கள் இதில்தான் வெளிச்சத்துக்கு வரும். தனி அஞ்சலைச் சோதிக்க, ஜிமெயிலில் மூலத்தைத் திறந்து dmarc=pass என்ற வரியைப் பார்க்கலாம். ஜிமெயில் மறுத்துத் திருப்பிய அஞ்சலில் 5.7.26 என்ற எண் இருந்தால் அடையாளச் சோதனையில் கோளாறு. 2048 பிட் சாவியைப் பதியும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்றுண்டு. டி.என்.எஸ். பதிவின் ஒரு சரம் 255 எழுத்துக்கு மேல் போகாது. சாவியை இரண்டாகப் பிரித்துப் போடாவிட்டால் அது பாதியில் நின்றுவிடலாம்.

அறிக்கைகள் சீரான பிறகு கொள்கையை இறுக்கலாம். ஒரேயடியாக அல்ல. பேராசிரியர்கள் அஞ்சல் குழுக்களுக்கு எழுதுவார்கள். குழு மென்பொருள் தலைப்பையோ அடிக்குறிப்பையோ மாற்றும்போது டிகிம் கையெழுத்து உடையும். 2014 ஏப்ரலில் யாகூ p=reject அறிவித்தபோது உலகெங்கும் அஞ்சல் குழுக்கள் திணறியது இதனால்தான். ஆகவே இயந்திரங்கள் மட்டும் அனுப்பும் சப்டொமைன்களுக்கு முதலில் sp=reject போட்டு, மனிதர்கள் எழுதும் தாய் டொமைனைச் சிறிது காலம் p=none நிலையில் வைப்பது நல்லது. ஆனால் தாய் டொமைனின் பெயரில் வரும் போலி அஞ்சல்கள் அதுவரை தடுக்கப்பட மாட்டா என்பதும் நினைவிருக்கட்டும்.

கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவதுதான் பலரும் மறக்கும் வேலை. 2024 பிப்ரவரியில் கார்டியோ ஆய்வகம் வெளியிட்ட அறிக்கை, ஆயிரக்கணக்கான டொமைன்கள் கைப்பற்றப்பட்டு ஸ்பேம் அனுப்பப் பயன்பட்டதைக் காட்டியது. எம்.எஸ்.என். டொமைனின் ஒரு பழைய சப்டொமைன், காலாவதியான வேறொரு டொமைனைக் கைகாட்டிக்கொண்டிருந்தது. அந்த டொமைனை மோசடிக்காரர்கள் புதிதாகப் பதிந்துகொண்டதும் எம்.எஸ்.என். பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் இருந்தது.

ஆகவே ஒவ்வொரு CNAME பதிவுக்கும் எந்தத் துறை கேட்டது, எந்த நிறுவனத்துக்கு, ஒப்பந்தம் என்று முடிகிறது என்ற மூன்று விவரங்களையும் கணினி மையம் எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளிலேயே அந்தப் பதிவையும் நீக்கிவிட வேண்டும்.