கேட்டதற்கு மேல் வரி கட்டிய நகரம்

2002-இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் மேயர் அந்தானாஸ் மோக்கஸ் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். வழக்கமான வரியோடு, விருப்பம் இருந்தால் இன்னும் பத்து சதவீதம் சேர்த்துக் கட்டுங்கள் என்றார். மூன்று லட்சம் பேசோ வரி வந்த வீட்டுக்காரர் மூன்று லட்சத்து முப்பதாயிரம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதமும் இல்லை, அதிகாரியும் கதவைத் தட்டமாட்டார்.

சுமார் 63,000 குடும்பங்கள் கட்டின.

தணிக்கையில் சிக்கிவிடுவோம் என்ற பயத்தால்தான் மக்கள் வரி கட்டுகிறார்கள் என்பது பொருளாதாரத்தின் பழைய கணக்கு. இங்கே சிக்குவதற்கே ஒன்றும் இல்லை. காரணத்தைச் சில ஆண்டுகள் பின்னால் போய்த்தான் தேட வேண்டும். 1995-இல் முதன்முறை மேயரானபோது, லஞ்சத்துக்குப் பேர்போன போக்குவரத்துக் காவல் பிரிவை மோக்கஸ் கலைத்தார். தண்ணீர்ப் பஞ்சத்தின்போது தானே குளித்துக்கொண்டு, சோப்பு போடும் நேரத்தில் குழாயை மூடிக் காட்டும் விளம்பரத்தில் தோன்றினார். ஊரார் அதைப் பார்த்துச் சிக்கனம் பிடித்தார்கள். நாம் கொடுப்பது திருட்டுப் போகாது, அடுத்த வீட்டுக்காரரும் தன் பங்கைச் செய்கிறார் என்ற நம்பிக்கை அப்படித்தான் சிறுகச் சிறுக ஊறியது.

கூடுதல் பணம் எந்தத் திட்டத்துக்குப் போகவேண்டும் என்பதையும் கட்டுபவரே தேர்ந்தெடுக்கலாம். இந்த உரிமை சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. பணம் போகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறதே!

ஆனாலும் அறுபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரத்தில் இவர்கள் சிறுபான்மைதான். தணிக்கையையும் அபராதத்தையும் பொகோட்டா கைவிடவில்லை.