வினைமுற்றில் உட்கார்ந்திருக்கும் கருத்து

ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் ஐந்து படிகள். மேல்படி என்-1. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையிலும் எழுதலாம். இதில் கட்டுரை எழுதச் சொல்வதில்லை, பேசச் சொல்வதில்லை. எல்லாமே தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். அப்படியிருந்தும் சரளமாக ஜப்பானிய மொழி பேசுகிறவர்கள்கூட வாசிப்புப் பகுதியில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுகிறார்கள்.

சொல்வளம், இலக்கணம், வாசிப்பு மூன்றுக்கும் சேர்த்து 110 நிமிடம். வாசிப்பின் கடைசிக் கட்டத்தில், மூளை களைத்துப்போன நேரத்தில், ஏறக்குறைய ஆயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பத்தி வரும். ‘ஷுச்சோ ரிகாய்’ என்று பெயர். எழுதியவர் எதை வலியுறுத்துகிறார் என்று புரிந்துகொள்வது. தேர்வை நடத்துபவர்களின் விளக்கக் குறிப்பே, செய்தித்தாள் தலையங்கம், விமர்சனக் கட்டுரை போன்ற தர்க்கம் மிகுந்த எழுத்துதான் இங்கே தரப்படும் என்கிறது. ஆசிரியர்கள் ‘தினம் ஒரு தலையங்கம் படி’ என்று சொல்வது அதனால்தான். எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்பவர்கள்தான் குறைவு.

பெரும்பாலான மாணவர்கள் செய்வது இது: அசாஹியையோ யோமியுரியையோ திறந்து, தெரியாத ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் தேடி நோட்டில் எழுதுவது. அரை மணி நேரத்தில் நாற்பது சொற்கள் சேரும். அமைச்சகங்களின் சுருக்கப் பெயர்கள், வட்டி விகிதம், தீர்மானம், உச்சி மாநாடு. எல்லாம் பெயர்ச்சொற்கள். ஆனால் அந்தத் தேர்வுக் கேள்விக்கு விடை பெயர்ச்சொல்லில் இருப்பது அபூர்வம். வாக்கியம் முடியும் இடத்தில்தான் இருக்கும்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. ஜப்பானிய மொழியும் நம் மொழியைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறது. ‘அரசு இந்தத் திட்டத்தைக் கைவிட’ என்பது வரை படித்துவிட்டு யாராலும் கருத்துச் சொல்ல முடியாது. ‘வேண்டும்’ என்று முடிகிறதா, ‘வேண்டியதில்லை’ என்று முடிகிறதா, ‘வேண்டும் என்கிறார்கள் சிலர்’ என்று முடிகிறதா என்பது அதன் பிறகுதான் தெரியும். ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் கற்பவர் இதற்குப் பழக வேண்டும். தமிழ் வாசகருக்கு இது பிறந்ததிலிருந்து பழக்கம். நம்மவர்கள் பலர் ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகவே ஜப்பானியம் படிப்பதால், கையில் இருக்கும் இந்தச் சலுகையை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஜப்பானில் 2024 ஏப்ரல் முதல் லாரி ஓட்டுநர்களின் ஓவர்டைமுக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று உச்சவரம்பு வந்தது. சரக்குப் போக்குவரத்து தடுமாறுமோ என்ற கவலையில், அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ‘2024 பிரச்சினை’ என்று நாடு முழுக்கப் பேச்சு. இதைப் பற்றி ஒரு தலையங்கப் பத்தி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தி என்னுடையது, வாக்கிய முடிவுகள் மட்டும் நாளிதழ்களில் அன்றாடம் காண்பவை.

“ஏப்ரல் முதல் ஓட்டுநர்களின் ஓவர்டைமுக்கு வரம்பு வந்துள்ளது. சரக்கு தேங்காது, ஏற்பாடுகள் போதுமானவை என்று அரசு கூறிவருகிறது. ஓட்டுநர்களின் நெடுநேர வேலைக்குக் கடிவாளம் தேவை என்பது உண்மைதான். ஆனால் நேரத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதில்லை. கிடங்கு வாசலில் லாரிகளை மணிக்கணக்கில் காக்க வைக்கும் நிறுவனங்களின் பொறுப்பையும் கேட்க வேண்டும் அல்லவா? அதற்கான விதிகளை அரசு விரைந்து வகுத்தாக வேண்டும்.”

முதல் வாக்கியம் வெறும் செய்தி. இரண்டாவது ‘தொ ஷிதெ இரு’ என்று முடியும். இதில் வரும் ‘தொ’, நம் ‘என்று’ செய்யும் அதே வேலையைச் செய்கிறது. அரசு அப்படிச் சொல்கிறது, நாங்கள் சொல்லவில்லை என்று பத்திரிகை ஓரடி தள்ளி நிற்கிறது. தலையங்கத்தில் இந்த முடிவைக் கண்டால், அடுத்து மறுப்பு வரப்போகிறது என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது வாக்கியம் ‘தஷிகனி’ என்று தொடங்கும். ‘உண்மைதான்’, ‘சரிதான்’ என்று எதிர்த்தரப்புக்கு ஓர் இடம் கொடுப்பது. நம் பட்டிமன்றப் பேச்சாளர்கள் ‘நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் சொன்னதில் நியாயம் இருக்கிறது’ என்று தொடங்கும்போது அவர் கட்சி மாறிவிட்டார் என்று நாம் நினைப்பதில்லை. அடுத்த வாக்கியத்தில் ‘ஆனால்’ வரும் என்று காத்திருக்கிறோம். ஜப்பானியத்தில் அந்த ‘ஆனால்’ பெரும்பாலும் ‘தகா’ அல்லது ‘ஷிகஷி’. எழுதியவரின் சொந்தக் கருத்து அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. சில நேரம் ‘தஷிகனி’க்கும் ‘தகா’வுக்கும் நடுவே மூன்று நான்கு வாக்கியங்கள் ஓடும். அந்த நீளத்தில்தான் வாசகர் வழுக்குகிறார்.

நான்காவது வாக்கியம் ‘வகெ தெவ நை’ என்று முடியும். பாதி மறுப்பு. வரம்பு தவறு என்று அது சொல்லவில்லை; வரம்பு மட்டும் போதாது என்கிறது. ஐந்தாவது, ‘தெவ நைகா’. பார்வைக்குக் கேள்வி, உள்ளே உறுதியான கருத்து. நம் ‘அல்லவா’வும் பதில் எதிர்பார்ப்பதில்லையே. ஆறாவது ‘நெபா நரனை’. செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம். ‘பெகிதா’வும் ஏறக்குறைய இதே வரிசைதான், இப்படிச் செய்வதே முறை என்ற தொனி. தலையங்கம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இவை இரண்டும் கடைசிப் பத்தியில் கிடைக்கும் நம்பகமான அடையாளங்கள்.

இப்போது தேர்வுக் கேள்வி: எழுதியவர் அதிகம் வலியுறுத்துவது எது? முதல் விடை: ஓட்டுநர்களின் வேலை நேரத்துக்குக் கடிவாளம் தேவை. இரண்டாவது: சரக்கு தேங்காதபடி ஏற்பாடுகள் போதுமான அளவு செய்யப்பட்டுள்ளன. மூன்றாவது: வேலை நேர வரம்பு பயனற்றது, அதை நீக்க வேண்டும். நான்காவது: லாரிகளைக் காக்க வைக்கும் நிறுவனங்களுக்கும் பொறுப்பு சுமத்தும் விதிகள் வேண்டும்.

நான்குமே பத்தியோடு ஒட்டியவை, அதுதான் வில்லங்கம். இரண்டாவது அரசின் வாயிலிருந்து வந்தது. முதலாவதை எழுதியவர் ஏற்கிறார்தான், ஆனால் ‘தஷிகனி’யின் கீழ் விட்டுக்கொடுத்த விஷயம் அது, அவர் வாதாடுவது அதற்காக அல்ல. மூன்றாவது, பாதி மறுப்பை முழு மறுப்பாக ஊதிப் பெரிதாக்கியது. விடை நான்காவது. தவறான விடைகளை அமைப்பவர்கள் இந்த மூன்று இடங்களிலிருந்துதான் அடிக்கடி எடுக்கிறார்கள்: பிறர் கூற்று, விட்டுக்கொடுத்த கூற்று, அளவு மீறிய கூற்று. மாதிரித் தேர்வில் தவறு செய்தால், அந்தத் தவறான விடை பத்தியின் எந்த வாக்கியத்திலிருந்து பிறந்தது என்று விரல் வைத்துத் தேடிப் பாருங்கள். அகராதி புரட்டுவதைவிட அதில் கற்பது அதிகம்.

இன்னொரு விஷயம் கொஞ்சம் மறைந்திருப்பது. தலையங்கம் ‘நாங்கள் கோருகிறோம்’ என்று எழுதுவது குறைவு. ‘மொதொமெரரெரு’ என்று எழுதும்: விளக்கம் கோரப்படுகிறது. ‘தொவரெரு’ என்று எழுதும்: பொறுப்பு கேள்விக்குள்ளாகிறது. யார் கோருகிறார்கள், யார் கேட்கிறார்கள்? வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்தியில் இது வந்தால் பொதுமக்களோ நீதிமன்றமோ இருக்கலாம். தலையங்கத்தில் வந்தால் பெரும்பாலும் கோருவது அந்தப் பத்திரிகையேதான். ‘சந்தேகம் எஞ்சுகிறது’, ‘கவலை நீங்கவில்லை’ என்ற முடிவுகளும் இப்படித்தான். சந்தேகப்படுவதும் கவலைப்படுவதும் ஆசிரியர் குழு. மரியாதையான மொழியில் எழுதப்பட்ட கண்டனம் என்று இவற்றை வாசிக்க வேண்டும்.

இந்தத் தொடர்கள்தான் நோட்டில் ஏற வேண்டியவை, அதுவும் வினையோடு சேர்த்து. ‘கெனென்’ என்றால் கவலை என்று தனியாக எழுதி வைத்தால் அது உதிர்ந்துவிடும். ‘கெனென் கா நுகுஎனை’, கவலையைத் துடைத்தெறிய முடியவில்லை என்று முழுத் தொடராக எழுதினால் நிற்கும். ‘கிரொன் ஒ த்ஸுகுஸு’, விவாதத்தை முழுமையாக நடத்தி முடிப்பது. ‘ஹதொமெ ஒ ககெரு’, கடிவாளம் போடுவது. ‘தொ இவஸரு ஒ எனை’ என்பதைத் தமிழில் ‘என்று சொல்லாமல் இருக்க முடியாது’ என்று எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய உறுப்புக்கு உறுப்பு பொருந்தும். ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி மனப்பாடம் செய்பவருக்கு இந்த வசதி கிடையாது. ஒரு தலையங்கத்துக்கு இப்படி மூன்று தொடர் போதும்.

படிக்கும் முறையிலும் ஒரு சின்ன மாற்றம் பலன் தரும். தலைப்பை மறைத்துக்கொண்டு படிப்பது. ஜப்பானியத் தலையங்கத் தலைப்புகள் பலவற்றில் முடிவே இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் வாதத்தைத் தேட வேண்டிய வேலையே இல்லை. அகராதி இல்லாமல் பத்து நிமிடத்துக்குள் ஒருமுறை படித்து, யார் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரே வரியில் எழுதிவிட்டு, பிறகு தலைப்பைத் திறந்து பார்க்கலாம். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் ‘தஷிகனி’யில் ஏமாந்தோமா, ‘தொ ஷிதெ இரு’வில் ஏமாந்தோமா என்று திரும்பிப் பார்த்தால் போதும். அகராதியை அதன் பிறகு எடுக்கலாம்.

முதல் பக்கப் பத்திகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அசாஹியின் ‘தென்ஸெய் ஜின்கோ’ அழகான எழுத்து, ஜப்பானிய மாணவர்கள் பார்த்து எழுதிப் பழகவே தனி நோட்டு விற்கிறார்கள். ஆனால் அது குட்டிக் கட்டுரை. சுற்றி வளைத்து வந்து ஒரு குத்தலோடு முடியும். வாதத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்க அது உதவாது.

ஒரே விஷயத்தில் இரண்டு பத்திரிகைகளைச் சேர்த்துப் படிப்பதற்கும் தேர்வில் நேரடிப் பயன் உண்டு. ‘ஷுச்சோ ரிகாய்’க்கு முன்னால், இரண்டு சிறு பத்திகளை ஒப்பிடச் சொல்லும் பகுதி வருகிறது. அணுமின் நிலையம் இதற்கு நல்ல களம். ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011 ஜூலையில் அணுமின்சாரமே இல்லாத சமூகம் வேண்டும் என்று அசாஹி எழுதியது. நிலையங்களை மீண்டும் இயக்க வேண்டும் என்பது யோமியுரியின் பக்கம். ஆனால் தேர்வு பெரும்பாலும் எதில் முரண்படுகிறார்கள் என்று கேட்பதோடு நிற்பதில்லை. எதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள் என்றும் கேட்கும். எதிரெதிர் முடிவு சொல்லும் இரண்டு தலையங்கங்களும், பாதுகாப்பு பற்றி உள்ளூர் மக்களுக்கு விளக்க வேண்டும் என்ற இடத்தில் சந்திக்கலாம். அந்தச் சந்திப்புப் புள்ளி பெரும்பாலும் ஒருவரின் முக்கிய வாதத்திலும் மற்றவரின் ‘தஷிகனி’யிலும் இருக்கும்.

தலையங்கத்தால் ஆகாத வேலைகளும் உண்டு. தேர்வில் வரும் பத்திகள் அன்றைய அரசியலைத் தொடுவது குறைவு. கலை, கல்வி, மனித மனம் பற்றி அறிஞர்கள் எழுதிய நூல்களின் பகுதிகளே அதிகம் வருகின்றன. அவற்றில் எழுதியவர் ‘நான்’ என்று பேசுவார், ‘செய்தாக வேண்டும்’ என்று கட்டளையிடாமல் தயங்கித் தயங்கி முடிவுக்கு வருவார். ‘கமோ ஷிரெனை’, இருக்கக்கூடும் என்ற மெல்லிய முடிவில்கூட முழுக் கருத்தும் இருக்கும். தலையங்கம் மட்டுமே படித்தவர் அங்கே ‘பெகிதா’வைத் தேடித் தேடிக் கோட்டைவிடுவார். அதனால் தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, வாரத்தில் பாதி நாளைத் தலையங்கத்துக்கும் மீதியை அப்படிப்பட்ட கட்டுரை நூல்களுக்கும் பிரித்துக்கொள்வது நல்லது என்பேன். ஒரு பத்தியில் ஏழெட்டுச் சொற்கள் புரியாமல் நிற்கும் நிலையில் இருப்பவர்கள் இரண்டையுமே இப்போதைக்குத் தள்ளிவைத்து, என்-2 வாசிப்புப் பத்திகளில் இதே வினைமுற்று வேட்டையை நடத்தலாம். ‘தஷிகனி’யும் ‘வகெ தெவ நை’யும் அங்கேயே நிறைய கிடைக்கும்.